சூளையும் சாவியும்: பீங்கான் தொழிலில் வாரிசு மாற்றம் குறித்து ஓர் ஆய்வு

தகப்பன் கட்டிய தொழிலை மக்கள் எவ்வாறு ஏற்பது என்ற கேள்விக்கு நம் நாட்டில் விடை கூறாத தலைமுறை இல்லை. ஸ்மிருதிகள் ஒரு விடை கூறின. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் அதைத் திருத்திக் கூறின. கடல் கடந்து வாணிபம் செய்த நகரத்தார் எழுதாச் சட்டமாக வேறொரு விடையைக் கைக்கொண்டிருந்தனர். சுதந்திரத்திற்குப் பின் வந்த சட்டங்களும், நம் காலத்துப் பெருங்குடும்பங்களின் வழக்குகளும் உடன்படிக்கைகளும் மேலும் சில விடைகளைச் சேர்த்திருக்கின்றன. இத்தனை விடைகள் இருந்தும், சிறிய அளவில் நடக்கும் ஒரு தொழிற்சாலையில் முதலாளி முதுமையடையும்போது அந்தக் கேள்வி புதிதாகவே எழுகிறது.

அந்த விடைகளைப் பரிசீலிக்க விருத்தாசலத்தைக் களமாக எடுத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். பழமலைநாதர் கோயிலாலும் மணிமுத்தாற்றாலும் பெயர்பெற்ற இவ்வூர், அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடக்கும் வெண்களிமண்ணின் துணையால் பீங்கான் ஊராகவும் ஆயிற்று. மின்சாரப் பியூஸ் கட்டைகள், தாழ்வழுத்தக் கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டர்கள் முதலியவற்றைச் செய்யும் சிறு பட்டறைகள் இங்கு வளர்ந்தன. தொழிலைக் கற்பிக்கப் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் ஒன்றும் ஏற்பட்டது. பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் உழைப்பாலும் ஒரு மனிதரின் கண்பார்வையாலும் நடப்பவை இத்தகைய பட்டறைகள். தானே மின்னோட்டத்தை அறுத்துக்கொள்ளும் எம்.சி.பி. விசைகள் வீடுகளில் புகுந்ததிலிருந்து பியூஸ் கட்டையின் தேவையும் சுருங்கியிருக்கிறது. ஆகவே வாரிசுப் பிரச்சினை இங்கே வளரும் செல்வத்தைப் பங்கிடும் பிரச்சினையாக மட்டும் இருப்பதில்லை. குறுகிவரும் இலாபத்தில் யார் எதைச் சுமப்பது என்பதாகவும் இருக்கிறது.

கைமாற வேண்டியது எது?

விடைகளை ஆராயுமுன், கைமாற வேண்டிய பொருள் எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பீங்கான் பட்டறையில் நான்கு விஷயங்கள் ஒரே மனிதரிடம் திரண்டு நிற்கின்றன: நிலத்தின் மீதும் இயந்திரங்களின் மீதும் உள்ள உடைமை, வங்கியிலும் காசோலையிலும் செல்லும் கையெழுத்து, சரக்கு வாங்குவோரிடமும் மண் விற்போரிடமும் உள்ள நாணயம், சூளையைப் பற்றிய அறிவு. முதலாவதைப் பத்திரத்தால் மாற்றலாம். இரண்டாவதை ஒரு விண்ணப்பத்தால் மாற்றலாம். மூன்றாவது மெல்ல மெல்ல மாறும். நான்காவதை மாற்றுவதற்குப் பல சூளை வேக்காடுகள் வேண்டும்.

இந்த நான்காவதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார் ஆகியவை பால்மில்லில் அரைபட்டு, நீர் பிழியப்பட்டு, பக்மில்லில் பிசையப்பட்டு, அச்சில் உருப்பெற்றுக் காய்ந்து சூளைக்குள் போகும்போது, பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கப்போகும் சரக்கு அது என்பதைப் பக்குவமறிந்தவர் முன்பே எண்ணியிருக்க வேண்டும். சுமார் 1,250 பாகை வெப்பத்தில் கோன் எனப்படும் சிறு கூம்பு தலைசாய்வதைப் பார்த்துத் தீயை நிறுத்துவதும், ஆறும்போது 573 பாகையை ஒட்டி குவார்ட்ஸ் தன் அமைப்பை மாற்றிக்கொள்வதால் அந்தக் கட்டத்தில் அவசரப்படாதிருப்பதும் அவர் வேலை. அங்கே அவசரப்பட்டால், வெளியே குற்றமற்றதாகத் தோன்றும் சரக்கில் மயிரிழை வெடிப்பு ஓடிவிடும். வேக்காடு போதாத துண்டை உடைத்து, முறிவின் மீது சிவப்பு மையைத் தடவித் துடைத்தால் கறை போகாமல் தங்கும். நன்கு வெந்த துண்டில் மை ஒட்டாது. இந்த ஒரு சோதனையைக் கொண்டே ஒரு வாரிசு எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதை ஓரளவு அறியலாம். இவ்வறிவு எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாதது. பாகப்பிரிவினையில் பங்கிட முடியாதது. வாரிசு பற்றிய பழைய விடைகள் பலவும் இதைக் கணக்கில் கொள்ளாமலே உடைமையை மட்டும் பேசியதுதான் அவற்றின் பொதுக் குறை என்று எனக்குத் தோன்றுகிறது.

மூத்தவன் பொறுப்பு என்னும் விடை

நம் சமூகத்தின் மிகப் பழைய விடை, மூத்த மகனே தகப்பன் ஸ்தானத்தில் நிற்க வேண்டும் என்பது. ஸ்மிருதிகளில் மூத்தவனுக்கென்று ஒரு கூடுதல் பங்கும் பேசப்பட்டது. பிற்காலத்தில் அது வழக்கொழிந்து, மிதாக்ஷர முறைப்படி ஆண்மக்கள் அனைவரும் பிறப்பினாலேயே சமபங்குடையோர் ஆயினர். ஆயினும் கூட்டுக் குடும்பத்தை நிர்வகிக்கும் கர்த்தா என்ற பதவியில் மூத்தவனின் முதன்மை தொடர்ந்தது. இவ்விடையில் ஒரு ஞானம் இருந்ததை மறுப்பதற்கில்லை: உடைமை பலருடையதாயினும் கையெழுத்து ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்பதை அது உணர்ந்திருந்தது. கடன் கொடுப்பவர் யாரை நம்பிக் கொடுப்பது, தொழிலாளர் யார் சொல்லைக் கேட்பது என்பவற்றில் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் வயதின் வரிசையும் திறமையின் வரிசையும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. அதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. கர்த்தாவின் உழைப்புக்குத் தனி ஊதியம் என்ற எண்ணம் அம்முறையில் இயல்பானதாக இருக்கவில்லை. அவர் குடும்பத்திற்காக உழைக்கிறார், குடும்பம் அவரைப் போஷிக்கிறது, அவ்வளவே. குடும்பம் ஒரே அடுப்பில் உண்டவரையில் இது இடறவில்லை. தம்பி கோயம்புத்தூரிலும் தங்கை சென்னையிலும் தனி இல்லறம் நடத்தத் தொடங்கியதும், அண்ணன் எடுத்துக்கொள்ளும் தொகை கூலியா, இலாபமா, பொதுச் சொத்திலிருந்து கைவைப்பதா என்ற ஐயம் எழுகிறது. பெண்மக்களை இவ்விடை கணக்கில் வைக்கவே இல்லை என்பது மூன்றாவது குறை. திருமணச் சீரோடு அவர்கள் பங்கு தீர்ந்தது என்ற சம்பிரதாயம் இன்றும் பேசப்படுகிறது; சட்டத்தில் அதற்கு இடமில்லை.

சமபாகம் என்னும் விடை

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு அளித்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குப் பிறப்புரிமை வழங்குவதில் தமிழ்நாடு மத்திய அரசை முந்திக்கொண்டது. 1989 மார்ச் 25 முதல் செயல்பட்ட மாநிலத் திருத்தம், அந்நாளுக்கு முன் மணமாகாத மகளையும் மகனுக்கு நிகரான பங்காளியாக்கியது. 2005-இல் மத்தியத் திருத்தம் மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாட்டையும் நீக்கிற்று. தந்தை அப்போது உயிரோடிருந்தாரா என்ற வினாவுக்கு, அது அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை கூறியது. மூத்த மகளும் கர்த்தாவாகலாம் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்ததும் இவ்வரிசையில் நினைக்கத்தக்கது.

நியாயத்தின் அளவில் இவ்விடையை எதிர்ப்பதற்கு யாருக்கும் வாய் எழாது. அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. வயலை வரப்புக் கட்டிப் பிரிக்கலாம். சூளையைப் பிரிக்க முடியாது. நிலம், சூளை, மின்னிணைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு இசைவு, வங்கிக் கடன் ஆகிய யாவும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் ஓர் உடலில் சமபாகம் என்பது சமமான உரிமையைத் தருகிறதேயன்றி, அதை எப்படி அனுபவிப்பது என்பதைச் சொல்வதில்லை.

பங்காண்மையாக நடக்கும் பட்டறைகளில் சட்டத்தின் மௌனம் மேலும் ஆபத்தானது. மாறாக உடன்படிக்கை இல்லாவிட்டால், 1932-ஆம் ஆண்டுப் பங்காண்மைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி, ஒரு பங்காளியின் மரணத்தோடு ஸ்தாபனமே கலைந்துவிடும். கலைக்காமல் எஞ்சியோர் தொழிலை நடத்திக் கணக்குத் தீர்க்காதிருந்தால், இறந்தவரின் வாரிசுகள் தம் பங்குக்குரிய இலாபத்தையோ ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியையோ தம் விருப்பம்போல் கேட்கலாம் என்கிறது 37-ஆம் பிரிவு. தந்தையும் மூத்த மகனும் இருவர் மட்டுமே பங்காளிகளாக இருக்கும் பத்திரங்களில், மரணத்தால் கலையாது என்று எழுதிவைத்திருப்பதும் பயன்படாது. ஒருவர் மட்டும் இருக்கும் பங்காண்மை சட்டத்தில் இல்லை. மூன்றாவதாக ஒருவரை, அது தாயாகவோ மகளாகவோ இருக்கலாம், முன்கூட்டியே பங்காளியாகச் சேர்ப்பது இதற்கு எளிய பரிகாரம். இது தெரியாமல் இறுதிச் சடங்கு முடிந்த மறுவாரமே வங்கிக் கணக்கு முடங்கிப்போய், சூளைக்கு எரிபொருள் வாங்க வழியின்றித் திகைப்பதைவிடப் பரிதாபமான காட்சி வேறில்லை.

பிரிக்கமுடியாததைச் சேர்ந்தே வைத்துக்கொள்வது, பிரிக்கக்கூடியதைப் பிரித்துக்கொள்வது என்ற இரண்டு வழிகளையும் மாறிமாறிக் கண்ட குடும்பம், 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். ஸ்தாபனத்தினுடையது. அவருடைய மக்களின் கிளைகள் வெவ்வேறு கம்பெனிகளை நிர்வகித்துவந்தபோதிலும் உடைமை நெடுங்காலம் பொதுவிலேயே கோக்கப்பட்டிருந்தது. 2020 இறுதியில் குடும்ப உடன்பாடு ஒன்று எழுதப்பட்டு, தீர்ப்பாயத்தின் ஒப்புதலுக்குப் பின் 2022 தொடக்கத்தில் அது நிறைவேறிற்று. எந்தக் கிளை எதை நிர்வகித்ததோ அதன் உடைமையும் அக்கிளையைச் சேர்ந்தது. சண்டைக்குப் பின் பிரியாமல், நிர்வாகமும் உடைமையும் விலகி நிற்பதைத் திருத்திக்கொள்ளவே பிரிந்தார்கள் என்பதால் இது முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. எனினும் பல கம்பெனிகள் இருந்ததால்தான் அவர்களுக்கு இது கைகூடிற்று. ஒரே ஒரு சூளை வைத்திருப்பவருக்கு இதில் பாடம் உண்டு, பாதை இல்லை.

மேலாள் என்னும் விடை

மூன்றாவது விடை, உடைமையைக் குடும்பத்திடமும் நிர்வாகத்தைக் கற்றுத்தேர்ந்த அன்னியரிடமும் வைப்பது. இதை மேல்நாட்டிலிருந்து வந்த யோசனையாகக் கருதுவோர் பலர். 1932-இல் பெர்லியும் மீன்ஸும் அமெரிக்கக் கம்பெனிகளை ஆராய்ந்து, உடைமையும் ஆட்சியும் பிரிந்துபோனதை எடுத்துரைத்தது உண்மையே. ஆனால் அதற்கு வெகு காலத்திற்கு முன்பே நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் தம் கடைகளைச் சம்பள ஏஜெண்டுகளைக் கொண்டு நடத்திவந்தனர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையில் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு படிவரிசை இருக்கும். மேலாளுக்கு வரையறுக்கப்பட்ட அதிகாரப் பத்திரம் உண்டு. சுமார் மூன்றாண்டு தவணை உண்டு. சம்பளத்தோடு இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. தவணை முடிந்ததும், அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். இம்முறையின் நுட்பம் அந்த ஒப்படைப்பில் இருக்கிறது. ஒருவர் எழுதிய பேரேட்டை வேறொருவர் ஏற்க வேண்டியிருந்ததால், மறைத்து வைப்பதற்கு எல்லை ஏற்பட்டது.

அம்மரபிலிருந்து வந்த முருகப்பா குழுமம் இவ்விடையின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டுகிறது. 1900-இல் பர்மாவில் தொடங்கிய வட்டித் தொழில் பிற்காலத்தில் பெரும் ஆலைகளாக வளர்ந்தது. 1981-இல் இ.ஐ.டி. பாரியை ஏற்றபோது இராணிப்பேட்டையின் பாரிவேர் பீங்கான் தொழிலும் அவர்களிடம் வந்தது. கார்போரண்டம் யுனிவர்சல் வழியே தொழிற்பீங்கானிலும் அவர்களுக்கு நெடிய அனுபவம் உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில், எம்.வி. சுப்பையாவின் தலைமையில், குடும்பத்தினர் கம்பெனிகளின் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகி, தொழில்முறை நிர்வாகிகளை அவ்விடங்களில் அமர்த்தினர். குடும்பத்தினரும் வெளியாரும் சேர்ந்த மேலவை ஒன்று கொள்கையைக் கவனித்தது. பாரிவேரை ஸ்பெயின் நாட்டு ரோகா கம்பெனியோடு 2006-இல் கூட்டாக நடத்தி, 2008-இல் முற்றாக விட்டுக்கொடுக்க முடிந்ததற்கும், தொழிலைத் தொழிலாகப் பார்க்கும் இந்த மனப்பான்மை உதவியிருக்கலாம்.

ஆயினும் நிர்வாகத்தைப் பிரித்துவிட்டதால் உடன்பிறந்தார் நியாயம் தானாகவே தீர்ந்துவிடவில்லை. 2017-இல் அக்குடும்பத்தின் எம்.வி. முருகப்பன் மறைந்தபின், ஆண் வாரிசு இல்லாத அவர் கிளையின் மகள் வள்ளி அருணாசலம், குழுமத்தின் முதலீட்டுக் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 8 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட பங்கு அக்கிளையின் வசம் இருந்தும், 2020 செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பெருவாரியான வாக்குகளால் அக்கோரிக்கை தோற்றது. இடம் கொடுங்கள், அல்லது எங்கள் பங்கை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே அவர்கள் கேட்டது. 2023 ஆகஸ்டில் குடும்ப உடன்பாடு ஏற்பட்டுப் பிணக்கு தீர்ந்தது. இதிலிருந்து கற்க வேண்டியது யாதெனில், சிறுபங்குடைய உடன்பிறந்தாருக்கு நிர்வாகத்தில் குரல் இல்லாவிட்டால் வெளியேறும் வாசலாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத பங்கு பெயரளவிலான சொத்து.

விருத்தாசலத்துப் பட்டறைக்கு இவ்விடையைப் பொருத்தும்போது, தடை செலவில் இருக்கிறது. பெரிய ஸ்தாபனம் ஒரு நிர்வாகிக்குக் கொடுக்கும் சம்பளம் சிறிய பட்டறையின் இலாபத்தை விழுங்கிவிடும். இதற்கு மாற்றாக இவ்வூருக்குப் பிரத்தியேகமான ஒரு வசதி உண்டு: பயிலகத்தில் பட்டயம் பெற்று வருவோர், சூளையைப் பொறுத்தமட்டில் வாரிசைவிட முறையான கல்வி உடையோர். அவர்களில் ஒருவரைச் சூளைக்கும் சரக்கின் தரத்திற்கும் மட்டும் பொறுப்பாளராக்கி, வங்கியையும் வியாபாரத்தையும் குடும்பம் வைத்துக்கொள்ளும் அரைப்பங்கு மேலாண்மை இந்த அளவுக்குத் தகும் என்று நினைக்கிறேன். ஆனால் அப்படி அமர்த்தியபின் முதியவர் அவரைத் தாண்டித் தீக்காரரிடம் நேரே உத்தரவு கொடுக்கத் தொடங்கினால், மூன்று மாதத்தில் பட்டயக்காரர் வேறு ஊருக்குப் போய்விடுவார். போகும்போது மண் கலவையின் விகிதமும் அவரோடு போகும். நகரத்தாரின் பேரேட்டைப் போல, ஒவ்வொரு வேக்காட்டின் கலவை, நேரம், வெப்பம், உடைந்த சரக்கின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் எழுதும் வழக்கம் இல்லாத பட்டறையில் மேலாள் முறை வேரூன்றாது.

ஒரு கணக்கு

இதுவரை கண்ட விடைகளை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். இது கற்பனைப் பட்டறையே, ஆனால் அளவுகள் வழக்கத்திற்கு மாறானவை அல்ல. நிலமும் கட்டடமும் 120 இலட்சம். சூளையும் இயந்திரங்களும் 40. இருப்புச் சரக்கு 25. வரவேண்டிய பாக்கி 35. வங்கிக் கடன் 60. மற்றவருக்குத் தரவேண்டியது 20. நிகர மதிப்பு 140 இலட்சம். வங்கி வட்டியும் தேய்மானமும் போக, முதலாளி தமக்கென எடுப்பதற்கு முன், ஆண்டு இலாபம் 18 இலட்சம். மக்கள் மூவர், மூத்த மகன் பட்டறையில் இருக்கிறார், மகளும் இளைய மகனும் வெளியூரில். பெற்றோரின் ஜீவனத்திற்கு வேறு வழி உண்டென்று கொள்வோம். வருமான வரியைச் சற்று ஒதுக்கி வைப்போம்.

சமபாகப்படி இலாபத்தை மூன்றாக்கினால் ஆளுக்கு 6 இலட்சம். மூத்தவரின் வேலையை அன்னியர் ஒருவர் செய்தால் மாதம் 60,000, அதாவது ஆண்டுக்கு 7.2 இலட்சம் கேட்பார் எனில், அவர் கூலியைவிடக் குறைவாகப் பெற்று உடன்பிறந்தாருக்கு உழைப்பவராகிறார். மூத்தவன் பொறுப்பு என்னும் விடைப்படி அவரே அனைத்தையும் எடுத்து மற்றவருக்குப் பணமாகத் தருவதென்றால், 140-இல் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 93 இலட்சம் கடன் வாங்க வேண்டும். 12 விழுக்காட்டில் வட்டி மட்டும் 11 இலட்சத்துக்கு மேல். எஞ்சுவது 7 இலட்சத்துக்கும் குறைவு. அசலுக்கு ஒரு காசும் இல்லை. நியாயம் செய்ததாக எண்ணிக்கொண்டு பட்டறையை அடைப்பதற்கு இதுவே நேர்வழி.

இந்த இரண்டு இடர்களும் நிலத்தையும் தொழிலையும் ஒன்றாக மதிப்பிடுவதால் வருபவை. இரண்டையும் பிரித்து, நிலத்தை மூவர் பெயரிலும் சமமாக வைத்து, தொழில் நிலத்துக்கு வாடகை தரட்டும். நிலமதிப்பில் 4 விழுக்காடு, 4.8 இலட்சம். மூத்தவருக்குச் சம்பளம் 7.2 இலட்சம். 18-இல் இவை போக மீதி 6 இலட்சமே தொழிலின் உண்மையான இலாபம். தொழிலின் நிகர மதிப்போ, நிலத்தை நீக்கினால், வெறும் 20 இலட்சம். மற்ற இருவரின் பங்கு சுமார் 13.3 இலட்சம், ஐந்தாண்டில் 8 விழுக்காடு வட்டியோடு தீர்ப்பதென்றால் முதலாண்டுச் சுமை ஏறத்தாழ 3.75 இலட்சம். 6 இலட்சத்தில் அது அடங்கும். சூளையின் உட்செங்கலைப் புதுப்பிக்கவும் கொஞ்சம் மிஞ்சும். ஐந்தாண்டுக்குப் பின் தொழில் மூத்தவருடையது. நிலத்தில் மூவருக்கும் பங்கு நிலைக்கும். மகளும் இளையவரும் ஆளுக்கு ஆண்டுதோறும் 1.6 இலட்சம் வாடகை பெறுவர்.

இக்கணக்கு எங்கே முறியும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 6 இலட்சம் ஈட்டும் தொழிலை 20 இலட்சத்துக்கு மதிப்பிடுவது அநியாயம், ஐந்தாண்டு இலாபமான 30 இலட்சம் என்று மதிப்பிடுங்கள் என்று தங்கை கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. அப்போது தரவேண்டியது 20 இலட்சம். முதலாண்டுச் சுமை 5.6 இலட்சம். சூளைக்கு மிச்சமில்லை. ஆகவே குடும்பத்தில் உண்மையான பேச்சு வார்த்தை பங்கின் அளவைப் பற்றியதன்று; மதிப்பிடும் முறையைப் பற்றியது. அந்த முறையைத் தகப்பன் உயிரோடிருக்கும்போதே, யார் வாங்குவார், யார் விற்பார் என்பது நிச்சயமாகாத காலத்திலேயே எழுதிக்கொண்டால் எவரும் தமக்குச் சாதகமாக வளைக்க மாட்டார். மரணத்துக்குப் பின் எழுதினால் ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்துதான் கணக்குப் போடுவர்.

அதிகாரம் கைமாறும் வரிசை

உடைமைக்கு வழி கண்டபின் எஞ்சுவது ஆட்சி. பெரியவர்கள் பொதுவாகச் சூளையைக் கடைசிவரை விடுவதில்லை. காசோலையை மட்டும் மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றதாகச் சொல்வர். தொழிலின் சுபாவம் இதற்கு நேர்மாறான வரிசையைக் கேட்கிறது. கற்பதற்கு நெடுங்காலம் பிடிப்பது சூளை என்பதால் அதையே முதலில் கொடுக்க வேண்டும். வாரிசு பொறுப்பேற்ற வேக்காடுகளில் உடைந்த சரக்கின் அளவு, தகப்பன் காலத்து அளவுக்குத் தொடர்ந்து சமமாக வந்ததும், மண் கொள்முதலும் கூலியும். பிறகு ஒரு வரம்புக்குட்பட்ட காசோலை. கடைசியில் வங்கியும் விலை பேசுதலும். ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்து, அந்நாளைத் தொழிலாளருக்கும் வாடிக்கையாளருக்கும் அறிவித்துவிடுவது அவசியம்.

மாற்றம் பெயரளவில் நிற்கிறதா என்பதை அறியச் சில அடையாளங்கள் உண்டு. தீக்காரர் மகனிடம் கேட்டதைத் தகப்பனிடமும் கேட்டுச் சரிபார்க்கிறார். பழைய வாடிக்கையாளர் பாக்கியைக் குறைத்துக்கொள்ளப் பெரியவரின் வீட்டுக்கு வருகிறார். ஒரே சரக்குக்கு இருவர் இரண்டு விலை சொல்லியிருக்கிறார்கள். முதியவர் ஒரு மாதம் ஊரில் இல்லாமல் இருந்து திரும்பும்போது, அவர் முடிவுக்கென்று காத்துக்கிடக்கும் காகிதம் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது இதற்கு நம்பத்தக்க சோதனை.

பத்திரங்களில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். நிலத்தைச் செட்டில்மெண்ட் பத்திரத்தால் இன்றே கொடுத்தால், திரும்பப் பெறுவது அரிது. உயிலால் கொடுத்தால் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு எழுதி, மனம் மாறினால் மாற்றலாம், ஆனால் அது மரணத்துக்குப் பின்பே பேசும். குடும்பத்தார் வாய்மொழியாக முன்பே செய்துகொண்ட ஏற்பாட்டைப் பின்னர் குறித்துவைக்கும் குறிப்புக்குப் பதிவு தேவையில்லை, எழுத்தே உரிமையை உண்டாக்கினால் தேவை என்று 1976-இல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வேறுபாடு இன்றும் வழிகாட்டி. இரண்டாவது, வங்கிக்குத் தகப்பன் கொடுத்த ஜாமீன். ஒப்பந்தச் சட்டத்தின் 131-ஆம் பிரிவுப்படி, ஜாமீன்தாரரின் மரணம் அதற்குப் பிந்திய கடன்களைப் பொறுத்தவரை தொடர் ஜாமீனை முடித்துவிடும், மாறான உடன்படிக்கை இல்லாதபோது. வங்கிப் பத்திரங்களில் பெரும்பாலும் மாறான வாசகம் அச்சிட்டே இருக்கும். அதைப் படித்துப் பார்க்காமல் நிலத்தில் மகளுக்கும் பங்கு கொடுப்பவர், அவருக்குச் சொத்தோடு கடனின் சுமையையும் சேர்த்துக் கொடுக்கக்கூடும்.

தீராத வினாக்கள்

இவ்வாறு பார்க்கும்போது, பழைய விடைகளில் எதுவும் முற்றிலும் தவறென்றோ, எதுவும் தனித்துப் போதுமென்றோ சொல்ல இயலவில்லை. கையெழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மூத்தவன் மரபும், பங்கு சமமாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டமும், திறமைக்குத் தவணையும் கணக்கும் வேண்டும் என்பதை மேலாள் மரபும் சரியாகவே கண்டிருக்கின்றன. நிலத்தையும் தொழிலையும் சம்பளத்தையும் தனித்தனியே எண்ணும் முறை இம்மூன்றையும் ஓரளவு ஒன்றாக்குகிறது என்பது மட்டுமே என் அபிப்பிராயம்.

இதிலும் ஓரிடம் இன்னும் பிடிபடாமல் நிற்கிறது. நிலம் மூவருடையதாயிருந்து, அந்நிலமே தொழிலின் வங்கிக் கடனுக்கு ஈடாக இருக்குமாயின், தொழிலில் பங்கை விற்றுவிட்டு வெளியேறிய தங்கையும் தம்பியும் அதன் நஷ்ட அபாயத்திலிருந்து வெளியேறவில்லை. ஈட்டுக்கென்று வாடகையோடு ஒரு கூடுதல் தொகை தருவது ஒரு வழி. கடனைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிலத்தை மீட்பதற்கு ஆண்டு குறித்துக்கொள்வது மற்றொரு வழி. பியூஸ் கட்டைக்குச் சந்தை சுருங்கிக்கொண்டிருக்கும் ஊரில், புதிய சரக்குக்குச் சூளையை மாற்றியமைக்க மூத்தவர் மேலும் கடன் கேட்கும் நாளில், அந்த இரண்டு வழிகளில் எதைப் பின்பற்றுவது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை தங்கைக்கு எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பவற்றுக்கு நான் பார்த்த விடைகளில் ஒன்றும் போதுமானதாகத் தோன்றவில்லை.